தீபத்தின் மேல் வந்த கட்டம்

மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன் நான். ஒற்றை லோரியில் ஆரம்பித்து, புந்தோங்கில் சொந்தப் பட்டறை கட்டினேன். எங்கள் கோயில் பூஜையை யூடியூபில் ஏற்ற வைத்ததும் நான்தான். எடிட்டிங் என் மகள். கடைசி இருபது வினாடி, கற்பூர தீபத்தின் மேலேயே அடுத்த வீடியோவுக்கான கட்டம் வரும்.

சுங்காய் ஊரில் படுக்கையில் கிடக்கும் என் அக்கா ஒருநாள் போனில் அழுதாள். "தம்பி, தீபத்தைத் தொட்டு கண்ணுல ஒத்திக்கலாம்னு போனா சாமி போயிடுதுடா. வேற என்னமோ பாட்டு வருது. என்னைய வேணாங்குதா?"

மகளிடம் சொன்னேன். "ஐயோ அப்பா, அத்தை விரல் கட்டத்து மேல பட்டு அடுத்த வீடியோ ஓடியிருக்கும்லா," என்றாள்.

தீபத்தை முழுதாகக் காட்டி முடித்த பிறகு, வெறும் நீலத் திரையில் கட்டம் வரும்படி மாற்றினோம். "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று கத்துவதை எடுத்துவிட்டு நானே பேசினேன்: "இது போதும்னா நிம்மதியா இருங்க. இன்னும் கேக்கணும்னு தோணுனா இங்க ஒரு பாட்டு இருக்கு." நல்ல குரல் எனக்கு, எல்லாரும் சொல்வார்கள்.

பெருமையோடு சுங்காய்க்குப் போய், புது வீடியோவைப் போட்டு போனை அக்காவிடம் நீட்டினேன். தீபம் வந்தது.

"தொடுக்கா, இப்ப எங்கயும் போவாது."

அவள் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாண்டா. இருக்கற வரைக்கும் பாத்துக்கறேன்."

ஆறு லோரி ஓட விடுகிறவன் நான். அந்தக் கையை வெளியே வரவைக்க எனக்கு வழி தெரியவில்லை. தீபம் முடிந்தது. நீலத் திரையில் என் குரல் அவளை நிம்மதியாக இருக்கச் சொன்னது.