ஏழு பேருக்கும் என் நம்பர்

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர் தோணிரேவில் எந்த ஃபாரத்தை நீட்டினாலும் அதில் போன் நம்பர் கட்டத்தில் வீட்டுப் பொம்பளையின் நம்பரைத்தான் எழுதுவார்கள். ஆம்பளைகளின் போன் ஏரியில் பாதி நாள் பிளாஸ்டிக் கவருக்குள் அணைந்து கிடக்கும், மீதி நாள் தண்ணீர் குடித்துச் சாகும். அதனால் கரையில் இருக்கிறவள் நம்பரே வீட்டின் நம்பர். எங்கள் தெருவுக்கு அந்த நம்பர் என்னுடையது. பத்தாவது வரை படித்ததற்குக் கிடைத்த தண்டனை அது.

போன வருஷம் என் கொழுந்தனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிடும் என்றிருந்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவன் பொன்னேரியில் மாடி ஆபீஸ் வைத்திருந்தான். எங்கள் தெருவிலிருந்து ஏழு பேர் போனார்கள். கூடவே நானும் போய் ஏழு ஃபாரத்தையும் என் கையால் நிரப்பினேன். ஏழிலும் என் நம்பர். கடைசியில் எறும்பு மாதிரி இங்கிலீஷில் நாலு வரி இருந்தது. "அது சும்மாம்மா, கையெழுத்து வாங்குங்க"ன்னு அங்கே உட்கார்ந்திருந்த பொண்ணு சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன்.

ரெண்டு வாரத்தில் கொழுந்தனின் பெயர் முதல் பட்டியலில் வந்துவிட்டது. மெடிக்கல் டெஸ்டுக்குக் கூப்பிடுவோம், போனை வைத்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். அவனுக்கு வயது இருபத்தெட்டு. ஏரியில் இறால் இல்லாத மாசங்களை எண்ணியே தலை நரைத்துவிடும்போலிருந்தது. மாசா மாசம் சம்பளம் வந்தால்தான் கல்யாணப் பேச்சு என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். "அண்ணி, போன் அடிச்சா உடனே எட்து பேசு. நான் தண்ணியில இருந்தாலும் பரவால்ல, வர்றேன்னு சொல்டு"ன்னு தினம் ஒரு தடவை சொல்வான்.

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் சேருங்கள், வெளிநாட்டில் வெல்டர் வேலை, இன்ஷூரன்ஸ், பர்சனல் லோன். ஒருத்தன் என்னைக் கொழுந்தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அடுத்தவன் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னான். ஏழு பெயரும் சுற்றிச் சுற்றி வந்தன. யார் விற்றது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மீன் கூடையோடு நிற்கும்போது அடிக்கும், சோறு வடிக்கும்போது அடிக்கும். எடுக்காமலும் இருக்க முடியாது, அதில் ஒன்று மெடிக்கல் டெஸ்டாக இருக்கலாமே. ஒரு நாள் மீனோடு கரைக்கு வந்து, ஐஸ் கொண்டுவரச் சொல்லப் போன் போட்ட என் வீட்டுக்காரர் லைன் கிடைக்காமல் கத்தோ கத்து என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

1909-க்குப் போட்டு விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்தேன். கொஞ்சம் குறைந்தது. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வருகிறவன் நிற்கவில்லை. அவனை ஒவ்வொரு தடவையும் தனியாகப் புகார் செய்ய வேண்டுமாம், அதுவும் சில நாளுக்குள். மீன் விற்பதா, புகார் எழுதுவதா?

நேராக ஆபீசுக்கே போனேன். அங்கிருந்த மேனேஜர் சிரித்தான். "நீங்கதானே நம்பர் குடுத்தீங்க?"

"வேலைக்குக் குடுத்தேன். லோன்காரனுக்கா குடுத்தேன்?"

"பார்ட்னர்ஸுக்கு ஷேர் பண்ணலாம்னு கீழே கையெழுத்து இருக்கே."

"படிச்சு சொன்னீங்களா? இன்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அதெல்லாம் சிஸ்டத்துல இருக்கு, எடுக்க முடியாதும்மா"ன்னு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து போனிலேயே தேடிப் படித்தேன். தனிநபர் தகவலுக்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். எந்தக் காரியத்துக்குக் கொடுத்தோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம், வேண்டாமென்றால் அழிக்கச் சொல்லலாம், வேறு சட்டத்துக்காக அவர்கள் வைத்திருக்க வேண்டியதைத் தவிர. தகவலை வாங்கினவனிடமே முதலில் கேட்க வேண்டும், அவன் சரியாகப் பதில் தராவிட்டால்தான் மேலே இருக்கும் வாரியம். இந்த உரிமையெல்லாம் முழுசாக அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கிறதென்றும் போட்டிருந்தது. இருந்தால் என்ன, கேட்பதற்கு எவன் அனுமதி வேண்டும்?

எழுதினேன். எங்கே, எதற்காக நம்பர் கொடுத்தேன் என்று எழுதினேன். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், நீங்கள் யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள், செய்து முடித்ததாக எழுத்தில் பதில் வேண்டும் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் நிற்கவிடவில்லை. "இந்த எண் உங்கள் ஆபீசில் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது" என்று கோடு போட்டு எழுதினேன். மெயிலிலும் அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்தபோது எனக்கே என் மேல் ஒரு பெருமை.

எடுக்கவே முடியாது என்றவன் மூன்றாம் நாளே பதில் போட்டான். "தங்கள் எண் எங்கள் பதிவுகள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டது." தெருவில் எல்லாருக்கும் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, மெடிக்கல் டெஸ்ட் முடிந்து பழவேற்காட்டுப் பையன்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரில் அவன் பெயரைத் தட்டினாள். இல்லை. எங்கள் தெருவின் மற்ற ஆறு பெயரையும் தட்டினாள். யாருமே இல்லை.

"உங்க நம்பர் போட்டு தேடி, வந்த வரியெல்லாம் டெலீட் பண்ணிட்டோம். நீங்க அப்டித்தானே எழுதினீங்க?"ன்னு கேட்டாள். "டெஸ்டுக்குக் கூப்பிட நம்பரே இல்லையேம்மா."

கத்தினேன். திரும்பப் போடு என்றேன். பட்டியல் போய்விட்டது, அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வாருங்கள் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்குத் தெரியாது என்றார்கள். முதலில் ஏழு பேருக்கும் என் நம்பரை எடுத்து அவரவர் நம்பராகத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் என்னுடையதை அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இதை நான் யோசிக்கவில்லை. ஏழு பேருக்கு ஒரே நம்பர் என்பது அவர்களுக்கும் தெரியாமலில்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்று அவர்களுக்கு என்ன அவசரம்?

ஆறு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ரெண்டு வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொழுந்தன் பொன்னேரியிலிருந்து வந்ததும் பழைய வலையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மதியம், அவன் முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. ஒரு பெண் குரல், தேன் மாதிரி. கொழுந்தன் பெயரைச் சொன்னாள். "சார் காட்டுப்பள்ளி போர்ட்ல வேலை பண்றார் இல்லீங்களா, அவருக்கு லோன் அப்ரூவ் ஆகியிருக்கு."

ஆபீஸ் அழித்துவிட்டது, அது விற்ற இடத்தில் அழியவில்லை. அங்கே அவன் இன்னும் வேலையில் இருக்கிறான்.

"யாரு அண்ணி?"ன்னு வலையைப் போட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டான்.

"ஆபீஸ்காரங்க இல்லடா"ன்னு சொன்னேன்.