உடம்புச் சூடு என்று நினைத்தது

1964 பிப்ரவரி 11, செவ்வாய். ஐந்தே காலுக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். எட்டு இருபது லோக்கல் ரயிலில் மாதுங்காவிலிருந்து ஆபீஸ் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வழக்கமான வலி தொடங்கியது.

எட்டு மாதமாக இப்படி. விந்து வெளியேறும்போது எரிந்தது. அந்தப் பயத்தில் விறைப்பும் நிலைக்காமல் போயிற்று. உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டி, மோர் குடித்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, மனைவியை விட்டுக் கூடத்தில் படுத்தேன். அவள் காரணம் கேட்காததுதான் பயமாக இருந்தது.

அன்று மாலை டாக்டரிடம் போனேன். சிறுநீரைச் சோதித்தபின், உறை போட்ட விரலை ஆசனவாய்க்குள் விட்டுப் பார்த்தார். அவர் அழுத்திய இடத்தில் துடித்துப்போனேன்.

"மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி ரணமாயிருக்கு. கட்டி தட்டுப்படலை. சோதிச்ச சிறுநீரிலே கிருமியும் இல்லை."

"சூடுதானே, டாக்டர்?"

"ஓய், உமக்கு மருந்தே சூடுதான்! தினம் ரெண்டு வேளை வெந்நீர்த் தொட்டியிலே கால் மணி உட்காரும். ஆபீசிலே மணிக்கொரு தரம் எழுந்து நடவும். விந்துவை அடக்கி வைக்காதேயும். மெதுவாத்தான் குறையும், நடுவிலே திரும்பவும் வரும். ஆத்திலே சொன்னீரா?"

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் சொன்னேன்.

"இதுக்கா எட்டு மாசம்? வேற எவளோன்னு நினைச்சுண்டிருந்தேன்," என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியில் அவள் வெந்நீர் ஊற்றினாள். சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு, உட்கார்ந்தேன்.