‘உணர்வர்’ என்று எழுதி அனுப்பினேன்

கேரளத்தில், பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லைப்புறத்துப் பேச்சுத் தமிழுக்கென்று ஒரு விருப்பப் பாடம் வேண்டும் என்று கிளம்பியவன் நான்தான். ஆசை பாதி, அவசரம் பாதி. எங்கள் துறையின் கெஸ்ட் டீச்சருக்கு அடுத்த ஆண்டு எடுக்க வகுப்பே இல்லை; இந்தப் பாடம் தேறினால்தான் அவர் இங்கே இருப்பார். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். அவர் போய்விட்டால் துறையில் என்னோடு சண்டை போட ஆள் கிடையாது.

பாடத்தின் பயனை எழுதச் சொன்ன கட்டத்தில், “மாணவர் எல்லைத் தமிழின் சிறப்பை உணர்வர், மொழிப்பற்றுக் கொள்வர்” என்று ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகும் இரண்டு தடவை படித்து ரசித்தேன், வெட்கமில்லாமல்.

பாடத்திட்டக் குழுவை நடத்தும் வரலாற்றுத் துறை டீச்சர் அதைத் திருப்பிவிட்டார். மலையாளி, எனக்காகத் தமிழ் கலந்து பேசுவார்.

“மாஷே, பிள்ளைகள் உணர்ந்தது எங்ஙனெ அறியும்?”

“மூஞ்சியப் பாத்தாத் தெரியுமுங்க.”

“மூஞ்சிக்கு எத்ர மார்க்கு?”

சுருக்கென்று கோபம் வந்தது. தமிழை அளந்து பார்க்க இவர் யார்? ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிஜமாகவே, ஒருவன் உணர்ந்தானா என்று எதை வைத்துச் சொல்வது?

மறுநாள் கெஸ்ட் டீச்சரும் நானும் துறையறையில் உட்கார்ந்தோம். ‘உணர்வர்’ போனது. ‘அறிவர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று நான் போட்டவையும் போயின. பிறகு எல்லாவற்றுக்கும் ‘விளக்குவர்’ என்று போட்டேன்.

“நோட்ஸ மனப்பாடம் பண்ணிக்கூட விளக்கிருவாவ, சார்” என்றார் அவர். “முதல்ல பரீட்சைக் கேள்விய எழுதுங்க. அதுக்குப் பிள்ளைக என்ன செய்யணுமோ, அதான் நமக்கு வேண்டிய வினை.”

அதுவரை இலக்கண வகுப்பில் மட்டும் பார்த்த வினைச்சொல்லை அன்றுதான் வேலை வாங்கிப் பார்த்தேன். ‘ஒப்பிடுவர்’ என்று எழுதிவிட்டுக் கேள்வியில் ‘சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்டால், ஒப்பிடத் தெரிந்ததா என்பது தெரியாமலே போகும். ‘அடையாளம் கண்டு மதிப்பிடுவர்’ என்றால் அது இரண்டு வேலை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டவனுக்கு என்ன மார்க்குப் போடுவது? அதை இரண்டாக உடைத்தோம். வரிக்கு வரி அடிதடிதான், இருந்தும் மணி போனதே தெரியவில்லை. முதல் வரி இப்படி வந்து நின்றது: “பதிவு செய்த பேச்சிலுள்ள சொற்களை, தமிழ் வழக்கு, மலையாள வழக்கு எனக் காரணம் காட்டி வகைப்படுத்துவர்.”

குழு கூடிய அன்று வரலாற்று டீச்சர் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு கெஸ்ட் டீச்சரிடம், பாடத்துக்காக அவர் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவு செய்திருந்த பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தைப் போடச் சொன்னார். கைப்பேசியில் ஒரு பெண் குரல்: “கத்து குடுத்தும் ஜோலி கிட்டலைங்க, ரொம்ப வெஷமமா இருக்குதுங்க.”

“மாஷே, நிங்ஙள் வகைப்படுத்துங்கோ.”

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. கத்து என்றால் தமிழில் கூச்சல் போடுவது, இங்கே கடிதம். ஆகவே மலையாள வழக்கு. ஜோலி, உத்தியோகம் என்ற பொருளில், அதுவும் மலையாளம். ‘கிட்டும்’ ஏட்டுத் தமிழில் உண்டுதான்; ஆனால் பேச்சில் ‘கிடைக்கல’ என்பதற்குக் ‘கிட்டல’ என்று நாம் சொல்வது அந்தப் பக்கத்துப் பழக்கம். “மத்ததெல்லாம் நம்ம தமிழுங்க” என்று முடித்தேன்.

டீச்சர் கெஸ்ட் டீச்சரைப் பார்த்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “வெஷமத்த விட்டுட்டிய, சார். தமிழ்ல விஷமம்னா குறும்பு. வருத்தம்ங்கிறது மலையாளத்து அர்த்தம்.”

அட கடவுளே! எங்கள் வீட்டில் யாராவது செத்தாலும் வெஷமம்தான், பால் திரிந்தாலும் வெஷமம்தான். அதைத் தமிழ் இல்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை. இருபது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், நானே எழுதிய முதல் வரியில் தடுக்கி விழுந்தேன். குழுவுக்கு முன்னால் என் முகம் செத்துப்போயிற்று. பாடமும் போச்சு, இந்தப் பெண்ணின் வேலையும் போச்சு என்றே நினைத்தேன்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். “மாஷ் தோத்தது எனிக்கு நல்லாத் தெரிஞ்ஞு. எவிடெ தோத்தது, அதுவும் தெரிஞ்ஞு. அப்போ அளக்கலாம்.” பாடம் பாஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் கெஸ்ட் டீச்சர், “நாலுக்கு மூணு, சார். பரவால்ல” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏனுங் அம்மிணி, நீங்க போயிருந்தீங்கன்னா எனக்கு...” என்று தொடங்கி, வருத்தம், துக்கம், கவலை என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை.

“ரொம்ப வெஷமமா இருந்திருக்குமுங்க” என்றேன்.