கல் சுவரும் கான்கிரீட் தளமும்

அப்பா விட்டுப்போன வீட்டை என்ன செய்வது என்று நானும் தம்பியும் பேசத் தொடங்கியது, நான் வேலையை விட முடிவெடுத்த மாதத்தில்தான். இருபத்தாறு வருடம் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள் நான். பகல் வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்ததே குறைவு. பார்த்தபோது பயமாக இருந்தது.

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் தெருவை ஒட்டி நிற்கும் வீடு. அதில் இரண்டு பாகம். முன்பாகம் கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், மேலே மரச்சட்டம், மங்களூர் ஓடு. அப்பா வாங்கும்போதே அது பழையது. பின்பாகத்தில் சமையலறையும் குளியலறையும் ஓர் அறையும். அவற்றை அப்பா சுரங்க வேலையின் கடைசி வருடங்களில் செங்கல் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் தளம் போட்டுக் கட்டினார். எங்கள் பேச்சில் முன்பாகம் பழைய வீடு, பின்பாகம் புது வீடு.

பழைய வீட்டின் முன்னறையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஏறும். சுண்டுவிரல் நுழையும். சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் ஊரே ஒரு குலுக்கு குலுங்கும் காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில் வந்த விரிசல். தம்பியின் கட்டில் அதற்குக் கீழேதான் கிடந்தது.

தம்பி இப்போது பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் அவனுக்கும் பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை அழைத்துக்கொண்டு வந்தான். அவர் கால்மணி நேரம் சுற்றிப் பார்த்தார், விரிசலில் பேனாவை நுழைத்துப் பார்த்தார், முழுவதையும் இடித்துவிட்டு கீழே ஒன்று மேலே ஒன்று கட்டலாம் என்றார். சதுர அடிக்கு இவ்வளவு என்று தொகையும் சொன்னார். மேல் வீட்டை வாடகைக்கு விடலாம் என்பது தம்பியின் கணக்கு.

"அக்கா, இத்த ரிப்பேர் பண்றது வேஸ்ட்டு. மண்ணுல நிக்கிற செவுரு. இன்னிக்கோ நாளைக்கோ உழும்."

"டெஸ்ட்டே பண்ணாம இன்னா நோவுன்னு எப்படிடா சொல்றது?" என்றேன். வேலைப் பழக்கம் அது. ஆனால் வெறும் பிடிவாதமாகத்தான் அவனுக்குக் கேட்டிருக்கும். போகும்போது சாப்பிடாமலே போய்விட்டான்.

கோலாரில் ஒரு கட்டுமான என்ஜினியர் இருப்பதாக ரயிலில் கூட வரும் ஒருவர் சொன்னார். முப்பத்தைந்து வயதுப் பெண். கன்னடக்காரர். இங்கே பல இடங்களில் வேலை பார்த்ததில் தமிழ் நன்றாகப் பேசுவார். தான் கட்டித் தருவதில்லை, பார்த்துச் சொல்வது மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்தது. இடிப்பதாலும் இடிக்காததாலும் லாபம் இல்லாத ஒருவர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் வந்த நாளன்று தம்பியையும் வரச்சொன்னேன். ஸ்கெலட்டன் என்ற பக்கத்துப் பகுதியிலிருந்து ஒரு மேஸ்திரியையும் கூப்பிட்டிருந்தேன். என்ஜினியர் முதலில் முன்சுவரின் ஓரமாக ஒரு குழி தோண்டச் சொன்னார். முழங்காலுக்கு மேல் ஆழம் போனதும் மேஸ்திரியின் கடப்பாரை 'டங்'கென்றது. அஸ்திவாரத்தின் பெரிய கற்கள் கெட்டியான பாறையின் மேலேயே உட்கார்ந்திருந்தன. பிறகு ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியால் தட்டினார், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். இரண்டு சட்டத்தில் மட்டும் அது மெத்தென்று இறங்கியது. மற்றவற்றில் முனைகூட இறங்கவில்லை. சுவரின் கீழ்ப்பகுதி ஈரமாக உப்புப் பூத்திருந்ததைக் காட்டி, இது எப்போது பூசியது என்று கேட்டார். பத்து வருடத்துக்கு முன் நான்தான் அழகுக்காக சிமென்ட் பூச வைத்தேன். மண்ணும் சுண்ணாம்புமாக இருந்த சுவர் ஈரத்தைத் தானே வெளியே விட்டுக்கொண்டிருந்ததாம், சிமென்ட் அதன் வாயை அடைத்துவிட்டதாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு பின்பாகத்துக்கு வந்தார். சமையலறைத் தளத்தின் அடியில் பெயின்ட் உப்பியிருந்த இடத்தைத் தட்டினார். உள்ளே காலியான பானையைத் தட்டியது போல் ஒலித்தது. உளியால் கொஞ்சம் கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலை எடுத்தார். அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். பீனால்ப்தலின். படிக்கிற காலத்தில் எத்தனை குடுவையில் சொட்டியிருக்கிறேன்.

"காரம் இருந்தா ரோஸ் ஆவும்" என்றேன்.

"அதே தான் மேடம். கான்கிரீட்ல காரம் இருக்கிற வரைக்கும் உள்ள கம்பி துருப்பிடிக்காது. பாருங்க."

அடித்தார். நிறமே வரவில்லை. இன்னும் உள்ளே பெயர்த்து அடித்தார். கம்பியைத் தாண்டிய பிறகுதான் லேசாக ஒரு ரோஸ் தெரிந்தது. கம்பி, பக்கத்தில் கிடந்த சாக்கை விடப் பழுப்பாக, பொருக்கு பொருக்காக உரிந்தது. நான்கு இடத்தில் பார்த்தார். நான்கிலும் அதே கதை. சுவரிலும் தளத்திலும் வருடக்கணக்காக இறங்கிய தண்ணீரும், கம்பிக்கு அடியில் கான்கிரீட் மெல்லிசாக விழுந்திருந்ததும் சேர்ந்து செய்த வேலை.

தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். பின்பாகம் கட்டிய பிறகு நாங்கள் தைரியமாகப் படுத்துத் தூங்கியது இந்தத் தளத்தின் கீழேதான்.

ஆனால் விரிசலைப் பற்றி என்ஜினியர் அன்று எதுவும் சொல்ல மறுத்தார். பழைய விரிசல் ஒரு வடு மாதிரி, வளரும் விரிசல்தான் வியாதி, இரண்டில் எது என்று ஒரு நாளில் தெரியாது என்றார். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை வைத்து இரு முனையையும் சாந்தில் பதித்தார். பழைய வீடும் புது வீடும் சேரும் இடத்தில் மயிரிழை போல் ஒரு பிளவு இருந்தது. அதன் மேலும் ஒன்று. சுவர் அசைந்தால் கண்ணாடி தாங்காமல் உடையும். மழைக்காலம் முழுவதும் பார்க்க வேண்டும். அதுவரை பின்னறையில் யாரும் படுக்கக் கூடாது, சமையலறைத் தளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும்.

அந்த மூன்று மாதம் நான் சவுக்குக் கம்பங்களுக்கு நடுவில் நின்று சமைத்தேன். தினமும் காலையில் தம்பி போன் செய்து கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்பான். முதலில், உடைந்துவிட்டது என்று கேட்க ஆசைப்படுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு நாள் அவனே சொன்னான்: சின்ன வயதில் ஒவ்வொரு ராத்திரியும் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு, இது விழுந்தால் கட்டிலின் எந்தப் பக்கம் குதிப்பது என்று யோசித்தபடியே தூங்குவானாம். "அந்த செவுரு இல்லாம போவணும்னு இருந்துச்சு, அவ்ளோதான்க்கா. வாடகைலாம் அப்புறம் சொன்னது." ஐம்பதைத் தொட்ட மனிதன். அவன் மேலிருந்த என் கோபம் அன்றைக்கே போய்விட்டது.

மழை நன்றாகப் பெய்தது. ஐப்பசியில் ஒரு காலை, இரண்டு வீடும் சேரும் இடத்தில் இருந்த கண்ணாடி குறுக்காக உடைந்திருந்தது. முன்னறையின் மூன்று கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. கல் சுவர் அசையவில்லை; அதை விட்டு விலகிக்கொண்டிருந்தது பின்பாகம்தான்.

என்ஜினியர் எழுதிக் கொடுத்த அறிக்கை நான்கு பக்கம். கல் வீடு, ஈரத்தைச் சரிசெய்து, சுவர் உச்சியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை போட்டுக் கட்டினால் இன்னும் முப்பது நாற்பது வருடம் நிற்கும். பின்பாகத்தை ஒட்டுப்போட்டால் ஐந்தாறு வருடம். அதற்கு ஆகும் செலவு புதிதாகக் கட்டுவதில் பாதிக்கு மேல். அந்த நிலை வந்தால் இடிப்பதுதான் புத்தி என்று எழுதியிருந்தார்.

இரண்டையும் பழுதுபார்ப்பது, பின்பாகத்தை மட்டும் புதிதாகக் கட்டுவது, முழுவதையும் இடித்துக் கட்டுவது என்று மூன்று வழிகளுக்கும் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முழுவதையும் இடித்துக் கட்டும் வழியில் கான்ட்ராக்டர் விட்டுவிட்டதெல்லாம் இருந்தது: இடிக்கிற கூலி, கல்லும் மண்ணும் அள்ளுகிற லாரி, ஒரு வருட வாடகை வீடு, புது பிளானுக்கு அனுமதி. அதை விடப் பெரியது ஒன்று. பழைய வீடு தெருவின் விளிம்பில் நிற்கிறது. புதிதாகக் கட்டினால் விதிப்படி முன்னும் பக்கமும் இடம் விட வேண்டும். எங்கள் மனை குறுகல். ஓர் அறையே போய்விடும். கல் வீட்டைக் காப்பாற்றி, பின்பாகத்தை மட்டும் புதிதாகக் கட்டினால், முழுச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

தம்பி இரண்டு முறை படித்தான். "பின்னாடி மட்டும் இட்ச்சிடலாம்க்கா" என்றான். மேஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்தையும் அவனே முதலில் போட்டான்.

தை மாதத்தில் வேலை ஆரம்பித்தோம். பின்தளத்தை உடைக்க மூன்று நாள் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. கம்பிகள் சில கையால் வளைத்தாலே ஒடிந்தன. தேக்குக் கதவு இரண்டும், ஜன்னல் கம்பிகளும், கடப்பைக் கல் மேடையும் முழுசாக வந்தன. செங்கல்லில் பாதிதான் தேறியது. அது முற்றத் தரைக்குப் போனது.

முன்பக்கம் எல்லாம் சொன்னபடி நடக்கவில்லை. ஓட்டை இறக்கியதும், மேற்குச் சுவரின் மேல் படுத்திருந்த உத்தரக்கட்டையை உள்ளே முழுக்கக் கரையான் தின்றிருந்தது தெரிந்தது. வெளியே பார்க்க இரும்பு மாதிரி இருந்த மரம். தன் ஸ்க்ரூ டிரைவருக்கு அது எட்டவில்லை, தவறுதான் என்று என்ஜினியர் ஒப்புக்கொண்டார். இப்படி ஏதாவது வரும் என்று பத்தில் ஒரு பங்கு தனியாக வைக்கச் சொன்னதும் அவர்தான். அது அப்படியே அந்தக் கட்டைக்குப் போனது. விரிசலைச் சுத்தம் செய்து, நீளமான கற்களைக் குறுக்கே கொடுத்துத் தைத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தார்கள். சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு சுண்ணாம்பு பூசினார்கள். புதுப் பின்பாகத்தைக் கல் சுவரோடு ஒட்டவே இல்லை. நடுவில் ஓர் அங்குலம் விட்டு, அது அதன் அஸ்திவாரத்தில் தனியாக நிற்கிறது. பழையதும் புதியதும் ஒரே அளவு இறங்காது, ஒட்டினால் மறுபடி பிளக்கும். தகடு வைத்து மூடிய அந்த இடைவெளியைத் தம்பி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி விளக்குகிறான்.

சித்திரையில் மறுபடி குடிவந்தோம். வாரக் கடைசியில் தம்பி வந்துவிடுகிறான். முன்னறைதான் வேண்டும் என்கிறான்.

அதற்குள் தெருவில் பேச்சு பரவிவிட்டது. நாலு வீடு தள்ளி இருக்கும், சர்ச்சில் பியானோ வாசிக்கும் அக்கா, தன் வீட்டையும் இப்படியே காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வந்து கேட்டார். என்ஜினியரை அழைத்துப் போனோம். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். குழியில் மூன்று அடிக்கும் பாறை வரவில்லை, பொடிப்பொடியாகச் சாம்பல் நிற மண்தான் வந்தது. எப்போதோ பள்ளத்தை சுரங்கத்துக் கழிவு மணலால் நிரப்பி, அதன் மேல் சுடாத பச்சைச் செங்கல்லில் கட்டிய வீடு. என்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் வாயால் கேட்டால் அந்த அக்காவுக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"இது இட்ச்சித்தான் ஆவணும்க்கா" என்றேன். "கதவு ஜன்னல எல்லாம் எடுத்துக்கலாம். நான் கூட இருக்கேன்."

அவர் குழியின் விளிம்பிலிருந்து ஒரு பிடி சாம்பல் மண்ணை எடுத்து விரலிடையில் உதிர்த்தார். பிறகு, மேஸ்திரி எந்தக் கிழமை வருவார் என்று கேட்டார்.