ஏழுமலையின் படத்துக்குக் கீழே ஒரு சொல்

நான்தான் எழுதினேன். எங்கள் பள்ளி ஆண்டு மலரில், கைப்பந்து அணியின் பக்கத்தில், ஏழுமலையின் படத்துக்குக் கீழே ‘ஏனோ’ என்ற சொல்லைப் போட்டவன் நான். தமிழாசிரியர் சேர்த்தது என்று பலர் நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் படித்த காலம். அணித்தலைவன் என்பதால் அந்த ஆண்டின் ஆட்டங்களைத் தொகுத்து எழுதும் வேலை என்னிடம் வந்தது. மதுராந்தகத்தில் தோற்கும் நிலையிலிருந்து மீண்ட ஆட்டத்தை முதலில் வைத்தேன். அடுத்து வீரர் அறிமுகம். படத்தை அச்சிட உலோக பிளாக் செய்யச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், செலவு அதிகம். ஆகவே ஒருவனுக்கு மட்டுமே படம். அது ஏழுமலைக்கு என்று டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டார். கடைசியில் நன்றி: பந்து வாங்கித் தந்த அரிசி மண்டிக்காரருக்கும், ஆட்டத்தன்று மோர் கொடுத்த கடைக்காரருக்கும்.

ஏழுமலை கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பையன். விடுதியில் தங்கிப் படித்தான். அவன் எழும்பி அடித்தால் எதிரணி ஒதுங்கும். ஆனால் மாவட்ட இறுதியாட்டத்தில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்றபோது, சர்வீஸை வலையில் அடித்தான். சர்வீஸ் அவர்கள் கைக்குப் போனது. கோப்பையும் அதோடு போனது.

ஆட்டத்துக்கு முன் குழாயடியில் எதிரணிப் பையன் ஒருவன் அவன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்ததை நான் பார்த்திருந்தேன். அது போதாதா எனக்கு? ‘ஆண்டு முழுவதும் அணியைத் தாங்கிய ஏழுமலை, இறுதியாட்டத்தில் மட்டும் ஏனோ சோர்ந்துவிட்டார்’ என்று எழுதினேன். குற்றம் சாட்டவில்லையே... ஒரு சொல்தானே!

அச்சகத்திலிருந்து பிழை திருத்தப் புரூஃப் வந்த அன்று, விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்தான்.

“ஏனோன்னு போட்டுகீறியாமே மச்சான். அது தைலம்டா. லீவுல ஊர்ல வலை இழுத்து தோளு புடிச்சிகிச்சி. குடுத்தவன் எங்க ஊருப் பையன். காலேஜ்ல இந்தப் பக்கத்தைக் காட்டுன்னு டிரில் மாஸ்டர் சொல்லிகீறாரு. அத்த மட்டும் எடுத்துடு.”

“அச்சாயிடுச்சே. இனிமே இன்னா பண்றது?” என்றேன்.

புரூஃப் என் சட்டைப்பையில் இருந்தது. அந்தச் சொல்லை அடித்துக் கொடுத்திருந்தால், அச்சுக் கோப்பவர் சில ஈய எழுத்துகளை உருவிவிட்டு வரியை நெருக்கியிருப்பார். அவ்வளவுதான் வேலை.

ஏன் பொய் சொன்னேன்? தலைவன் நான், படம் அவனுக்கா என்ற புகைச்சலா? இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

கல்லூரியில் அந்த வரியில் விரலை வைத்து, “ஃபைனல்ல என்னப்பா நடந்தது?” என்று கேட்டார்களாம். விளையாட்டு வீரருக்கான இடம் வேறொருவனுக்குப் போனது. ஏழுமலை கட்டுமரம் ஏறினான்.

இப்போதாவது அவனை நம்புகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். தைலத்தைப் பொட்டலமாகவா கட்டுவார்கள் என்று மனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது... கடப்பாக்கம் போய் விசாரித்தால் தெரிந்துவிடும். பஸ் ஏறினால் போதும். போகவில்லை. அவன் சொன்னது உண்மையென்றால் நான் யார்? அதற்குப் பயந்துதான் இந்தச் சந்தேகத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்.