முந்நூற்றைம்பத்தைந்து ரூபாய் சாட்சி

டோல் கேட்டின் குறுக்குக்கட்டை உயரவில்லை. பகல் ஒன்று பத்து. வேனுக்குள் இருபத்திரண்டு பேர்; இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு ஒரகடத்தில் இருக்க வேண்டியவர்கள்.

"அண்ணே, பேலன்ஸ் இல்ல. டேக் பிளாக் ஆகிக்கீது," என்றாள் கூண்டுக்குள் இருந்த பெண். "கேஷ்னா டபுள். யுபிஐன்னா ஒண்ணே கால் மடங்கு."

கொம்பையா நம்பவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினான்கு வருடமாகத் தண்டலத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையே கம்பெனி வேன் ஓட்டுகிறார். கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிற மனிதர். அவர் வேனில் வந்து லேட் ஆனதாக ஒருவரும் அட்டெண்டன்ஸ் போனஸ் இழந்ததில்லை.

ஃபாஸ்டேக் முதலாளி தணிகாசலத்தின் பெயரில். ரீசார்ஜும் அவர் கையில்தான். கொம்பையா ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார்.

"பேலன்ஸ் இன்னாத்துக்குத் தீந்துச்சுன்னு என்னையா கேக்குற?" தணிகாசலத்தின் குரல் வேன் முழுக்கக் கேட்டது. "ஞாயித்துக்கெழம மூணு நாப்பதுக்குத் திருச்சி ரோட்டு டோல்ல முன்னூத்தி அம்பத்தஞ்சு போயிருக்குது. மெசேஜ் வந்துகீது. ஓவர்டைம் ஆளுங்கள எறக்கினு, நடுவுல கல்யாண சவாரியா? என் வண்டி, என் டீசல். நாளிக்கி சாவி வேற ஆளு கிட்ட."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. வேனுக்குள் இருபத்திரண்டு தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அந்தப் பார்வைதான் கொம்பையாவைச் சுட்டது.

முதலாளி ரீசார்ஜ் செய்தார். கட்டை அப்போதும் உயரவில்லை. "அப்டேட் ஆக டைம் எடுக்கும்ணே," என்றாள் கூண்டுப் பெண். முன் சீட்டில் இருந்த மாரிசெல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். கொம்பையா தன் போனில் ஒன்றே கால் மடங்கு கட்டினார். ஒன்று ஐம்பத்தெட்டுக்கு வேன் கம்பெனி வாசலைத் தொட்டது.

இறங்கும்போது மாரிசெல்வி, "ஞாயித்துக்கெழம ஓவர்டைமுக்கு நாங்கதான வந்தோம், மாமா? வண்டி கம்பெனி யார்டுலதான நின்னுச்சு?" என்றாள்.

"நின்னுச்சு தாயி. நான் சொன்னா யாரு கேக்கா?"

யார் கேட்பார்கள்? கைப்பேசி சொன்னால் சாட்சி. டிரைவர் சொன்னால் சமாளிப்பு. மனிதன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது என்பது நம் காலத்து மூடநம்பிக்கை. அந்தக் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டுவதும் தூக்கம் கெட்ட ஒரு மனிதன்தான் என்பதை நினைத்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

கொம்பையா நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைத்தார். டேக் கொடுத்த வங்கியில் புகார் பதிய வேண்டும், பதிவு செய்த எண்ணிலிருந்து வந்தால்தான் நடக்கும் என்றார்கள். குற்றம் அவர் மேல்; அதை மறுக்கும் உரிமை குற்றம் சாட்டியவரின் போனில்.

செக்யூரிட்டியிடம் கெஞ்சிக் கேட் ரெஜிஸ்டரைப் படம் எடுத்தார். ஞாயிறு: வேன் உள்ளே பகல் 1.46, வெளியே இரவு 10.12. படத்தோடு படப்பையில் இருந்த தணிகாசலத்தின் ஆபீசுக்குப் போனார்.

"வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் குடுத்தா எழுதித் தருவான்," என்றார் தணிகாசலம்.

"சரி, மொதலாளி. அந்த டோல்ல நம்ம வேனுக்கு எவ்வளவு?"

"எனக்கின்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும். நூத்தி எழுவத்தஞ்சு. முன்னூத்தி அம்பத்தஞ்சு லாரிக்கு. நான் சவாரி போனேன்னே வச்சிக்கிடுங்க. நம்ம வேன் லாரியாவா போச்சு?"

தணிகாசலம் மெசேஜை மறுபடி பார்த்தார்.

கொம்பையா சாவியை மேஜைமேல் வைத்தார். "நாளைக்கு எதுக்கு? இப்பவே எடுத்துக்கிடுங்க. ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் முடியுத ஆள நீங்க போயி ஏத்துங்க. இல்ல, பேங்குக்கு போன் போடுங்க."

மணி ஐந்து. அன்றைக்குள் வேறு டிரைவர் கிடைக்க மாட்டான். தணிகாசலம் முறைத்துக்கொண்டே அழைத்தார், ஓடிபி சொன்னார், ரெஜிஸ்டர் படத்தை அனுப்பினார். புகார் எண் வந்தது.

"இது பொய்யின்னு வரட்டும். இந்த ரோட்ல ஒருத்தன் உனக்கு ஸ்டீரிங் தர மாட்டான்."

"வரட்டும்," என்று சாவியை எடுத்தார் கொம்பையா.

ஒன்பது நாள் ஓட்டினார். வேனில் பழையபடி பேச்சு வரவில்லை. கண்ணாடியில் அவர் பார்த்தால் இரண்டு மூன்று பேர் பார்வையைத் திருப்பினார்கள்.

பத்தாம் நாள் காலையில் பணம் திரும்பி வந்தது. வங்கி அனுப்பிய மெயிலில் டோல் கேமரா எடுத்த படம்: தார்ப்பாய் கட்டிய லாரி. அதன் டேக்கை மிஷின் படிக்காமல் போக, யாரோ நம்பரைக் கையால் தட்டியிருக்கிறார்கள். எட்டுக்குப் பதில் மூன்று; அது கொம்பையா ஓட்டும் வேனின் நம்பர்.

தணிகாசலம் போன் செய்தபோது வேன் டோலை நெருங்கிக்கொண்டிருந்தது. கொம்பையா ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுத்தார்.

"துட்டு வந்துட்சுப்பா. லாரிதான். சரி, வுடு."

"மொதலாளி, ஒரு நிமிசம்." ஸ்பீக்கரைப் போட்டு, போனை மாரிசெல்வியிடம் கொடுத்தார். "பின்னாடி வரைக்கும் கேக்குத மாதிரி புடி, தாயி. அன்னைக்கு எல்லாரும் கேட்டாங்கல்லா. இப்பச் சொல்லுங்க, மொதலாளி."

"ஷிஃப்ட்டுக்கு டைமாவுதுப்பா, வண்டிய எடு," என்றார் தணிகாசலம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொம்பையா இன்ஜினை அணைத்தார்.

"நீ போவல," என்றது போன். "வண்டி யார்டுலதான் நின்னுச்சு. நான்தான் தப்பா பேசிட்டேன்."

கொம்பையா சாவியைத் திருப்பினார்.