நாமினி கட்டத்தில் அம்மா

அப்பாவின் மருத்துவக் காப்பீட்டை ஒவ்வொரு வருஷமும் நான்தான் புதுப்பித்தேன். மயிலாப்பூரில் தெருவோரம் இஸ்திரி வண்டி வைத்திருந்த அப்பாவுக்குக் கையெழுத்து மட்டுமே போட வரும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வண்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவேன். துணி வாங்க வந்தவர்களிடம் அப்பா, "பாத்தியா, ஆபீசுக்கே போவல, எம் பொண்ணு இங்கியே முடிச்சுட்டா" என்பார். விவரங்களில் மாற்றம் உண்டா என்று கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று அழுத்துவேன். அம்மா இறந்த பிறகும் இரண்டு முறை அப்படியே அழுத்தினேன்.

அப்பாவை நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பழைய மருத்துவக் காகிதங்கள் போதவில்லை என்று, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்பட்டது. கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அடையாறில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்யும் அத்தை, அப்பாவின் தங்கை, தன் நான்கு வளையல்களையும் அடகு வைத்து என் கணக்கில் பணம் போட்டாள். நான்காம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் பில்களை வரிசையாக அடுக்கி, தி.நகரில் இருந்த காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். என் படிப்புக்கு இது ஒரு வேலையா என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

அங்கிருந்த பெண் அலுவலர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாலிசி அப்பா பேர்லதானே? அவர் இல்லாததால நாமினிக்குத்தான் பணம் போகும். நாமினின்னு உங்க அம்மா பேர்தான் இருக்கு. அவங்க வரலையா?"

"அம்மா இறந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப மாத்தியிருக்கணுமே."

"பிரீமியம் நான்தான் கட்டினேன் மேடம். ஆஸ்பத்திரிப் பணமும் என் அக்கவுண்ட்லருந்துதான் போச்சு."

"யார் கட்டினாங்கன்னு பாக்க மாட்டோம்மா. கேஷ்லெஸ் ஆகியிருந்தா நேரா ஆஸ்பத்திரிக்கே போயிருக்கும், இந்தப் பேச்சே இல்ல. இப்ப நாமினியும் இல்லாததால சட்டப்படி வாரிசுங்களுக்குத்தான். தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ் வாங்குங்க. அதுல வேற யாராவது இருந்தா, உங்ககிட்ட குடுக்க ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தரணும்."

வேறு ஒருவர் இருந்தார். என் அண்ணன். பத்தாம் வகுப்போடு வண்டிக்கு வந்தவன். என் கல்லூரிக் கட்டணத்துக்காக, அவன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாவது வண்டியை அப்பா விற்றபோது வீட்டை விட்டுப் போனான். பெருங்குடியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு அன்றே திரும்பிப் போனான்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, சான்றிதழ் கைக்கு வரப் பல வாரங்கள் ஆயின. அதில் எங்கள் இருவர் பெயர்தான் இருந்தது. வளையலைக் கொடுத்த அத்தையின் பெயர் அதில் வர வழியே இல்லை.

நான் தட்டச்சு செய்த கடிதத்தோடு அண்ணனைப் பார்க்கப் போனேன். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்று, எழுத்துக்கூட்டி முழுதும் படித்தான்.

"இன்னா எழுதிக்கீது இதுல? எனக்கு எதுவும் வேணாம்னா?"

"ஆட்சேபணை இல்லன்னு. அத்தை வளையலை மீட்கத்தான் அண்ணா."

"அந்தச் சர்டிபிகேட்ட காட்டு."

காட்டினேன். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தான்.

"மகன்னு போட்டுக்கீது. கவர்மென்ட்டு போட்டுக்கீது. நீ வந்து, அதெல்லாம் வேணாம்னு எழுதிக் குடுன்ற."

"அப்படி இல்லண்ணா."

"நீ படிச்சவ. அம்மா போயி ரெண்டு வருசமா அந்தக் கட்டத்த உனுக்குப் படிக்கத் தெரில. நான் மட்டும் கையெழுத்துப் போடணுமா? போம்மா. டூட்டி டைமு."

கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

மறுபடி தி.நகர் போனேன். அண்ணன் எழுதித் தராவிட்டால் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், ஆளுக்குப் பாதி அவரவர் கணக்கில் போகும் என்றார் அந்த அலுவலர். அந்தப் படிவத்தில் அண்ணன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். அவன் கட்டங்களையும் நான்தான் நிரப்பினேன். இந்த முறை ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தேன்.

பணம் வந்த அன்று மதியம் அடையாறுக்குப் போனேன். அத்தை சமையலறைப் பின்வாசலில் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சா?"

"பாதி வந்திருக்கு அத்தை. ரெண்டு வளையலை மீட்கலாம்."

"மீதி?"

"அண்ணன் கணக்குல."

"அவங்கிட்ட கேட்டியா?"

காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருந்தேன். அவன் எடுக்கவில்லை.

"கேக்குறேன் அத்தை" என்றேன்.

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நெருக்காத. வேலைல இருப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.